வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால்

ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு வேலையை முழுதாக முடிப்பது என் ஜாதகத்திலேயே கிடையாது என்று அம்மா சொல்வாள். அதில் பாதி உண்மை. மீதியும் உண்மைதான், நான் ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவே. எண்பதுகளின் நடுவில் அரூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்தாறு. பள்ளியின் பெயர் வேண்டாம். நான் செய்த தப்புக்குப் பள்ளி என்ன செய்யும்?

என் வீடு சேலத்தில். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு வந்து இறங்குவேன். திங்கள் முதல் வியாழன்வரை நான்கு இரவும், மாடியில் எடுத்திருந்த வாடகை அறையில், கூண்டில் போட்டதுபோல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுதல் கேட்டு மனு எழுதிப் போடுவேன். அதற்குப் பதில் வராது. பதில் வராத கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டுவேன். பதினோராம் வகுப்பில் என்னைக் கண்டால் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள் என்று பின்னால் தெரிந்தது. அப்போது அதை ஒழுங்கு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

இயக்கம் என்ற பாடத்தை நடத்தியது ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். தொலைவு வேறு, இடப்பெயர்ச்சி வேறு என்று ஆரம்பித்தேன். நடந்த வழி முழுவதையும் கூட்டினால் தொலைவு. கிளம்பின இடத்திலிருந்து இப்போது நிற்கிற இடம் எந்தத் திசையில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்தால் இடப்பெயர்ச்சி. தொலைவை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம்; இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் சராசரி திசைவேகம். இதுவரை சரியாகத்தான் சொன்னேன். கரும்பலகையில் எழுதியும் போட்டேன்.

பிறகு ஒரு கணக்கு கொடுத்தேன். ஒருவர் வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சந்தைக்கு, நேரான சாலையில், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் போகிறார். போனதும் திரும்பி, மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் வீட்டுக்கு வருகிறார். சராசரி வேகம் என்ன?

"பத்துங்க டீச்சர்" என்று முன்வரிசையில் நான்கைந்து குரல்கள். பன்னிரண்டையும் எட்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டார்கள். நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். சாக்பீஸை மேசைமேல் வீசினேன்.

"கூட்டி ரெண்டால வகுக்கிறதுக்கு இது என்ன ரெண்டு பேரோட மார்க்கா? போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மெதுவா வந்த நேரம்தான் அதிகம். அப்போ சராசரி எப்படி நடுவில நிற்கும்?"

மொத்தத் தொலைவு இருபத்து நான்கு, மொத்த நேரம் இரண்டரை மணி, வகுத்தால் ஒன்பது புள்ளி ஆறு. பத்து இல்லை. பிள்ளைகள் வெட்கத்தோடு எழுதிக்கொண்டார்கள். எனக்கு உள்ளூரத் திருப்தி.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. பஸ் வேறு கண்முன்னால் நின்றது. சராசரி திசைவேகத்தையும் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அவசரப்பட்டேன். "திசைவேகத்துக்குத் திசை உண்டு. போகும்போது பிளஸ் பன்னிரண்டு. வரும்போது எதிர்த்திசை, ஆகவே மைனஸ் எட்டு. ரெண்டையும் கூட்டினால் நாலு. ரெண்டால வகுத்தால் ரெண்டு. சந்தைப் பக்கமா மணிக்கு ரெண்டு கிலோமீட்டர்." எழுதினேன், அடிக்கோடு போட்டேன், மணி அடித்தது, ஓடினேன்.

பத்து நிமிடத்துக்கு முன்னால் எந்தக் குழியில் விழுந்ததற்காகப் பிள்ளைகளைத் திட்டினேனோ, அதே குழியில் பிளஸ்ஸும் மைனஸும் போட்டுக்கொண்டு நானே விழுந்தேன். திசைவேகத்துக்குத் திசை உண்டு என்று தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டான். முதுகலைப் பட்டம் வாங்கினவள்தான் செய்வாள்.

அது தெரியாமலேயே மாதங்கள் போயின. ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. இயற்பியல் வினாத்தாள் நான் எடுத்ததுதான். அதே சைக்கிள் கணக்கைப் போட்டேன்: சராசரி வேகத்துக்கு மூன்று மதிப்பெண், சராசரி திசைவேகத்துக்கு இரண்டு. விடைக்குறிப்பும் நான்தான் எழுதினேன். விடைத்தாள்களை வெள்ளிக்கிழமை சேலம் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், மடியில் வைத்துத் திருத்தினேன். பஸ் குலுங்குகிற குலுக்கலில் வரி வரியாகப் படிக்க முடியாது. கடைசி எண்ணைப் பார்ப்பேன். விடைக்குறிப்பில் இருக்கிற எண் இருந்தால் சரி, இல்லாவிட்டால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

அந்த வகுப்பில் சித்தேரி மலையிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள். அரூரில் அரசு விடுதியில் தங்கிப் படித்தாள். பேசமாட்டாள். கேட்டால் மெதுவாக, யோசித்து, பாதி வாக்கியம் சொல்வாள். மனப்பாடம் அவளுக்குச் சுத்தமாக வராது. விதிகளை எழுது என்றால் தன் சொற்களில் எழுதுவாள், பாதி மார்க்கு போய்விடும். கணக்கு என்றால் மட்டும் நிதானமாக, விடாமல் போட்டுவிடுவாள். மற்ற பாடங்களில் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டாள். இயற்பியலில் முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

தேர்ச்சிப் பட்டியல் ஒட்டின அன்று காலை, அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம் கலைந்த பிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் ஆசிரியர் அறைக்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் வந்து நின்றாள். அவளாக வந்து என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், அந்த சைக்கிள் கணக்குங்க."

"ரெண்டு மார்க்குல போச்சேன்னு கெஞ்ச வந்தியா? எல்லாருக்கும் ஒரே ஆன்சர் கீதான். உனக்குன்னு தனியா இல்ல."

அவள் கெஞ்சவில்லை. தலையைக் குனிந்தபடி கேட்டாள்: "இல்லீங்க டீச்சர். அந்த ஆளு வூட்டுக்கு வந்துட்டாருங்களா, இல்லீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். "வகுப்பில் கவனிச்சிருந்தா இந்தக் கேள்வி வராது. போ" என்றேன். அவள் போனாள். பள்ளி வாசலில் அவளுடைய அப்பா நின்றிருந்தார், வேட்டியை மடித்துக் கட்டியபடி, மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த களைப்போடு. தேர்ச்சி பெறாத பெண்களுக்கு விடுதியில் அடுத்த வருடம் இடம் கிடையாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். விடுதி இல்லாவிட்டால் சித்தேரியிலிருந்து தினமும் வந்து படிக்க வழியில்லை. அதாவது அவள் படிப்பு அன்றோடு சரி. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் "போ" என்றேன்.

அன்று மாலை அறையில் இருப்புக்கொள்ளவில்லை. மொட்டை மாடிக்குப் போய் நடந்தேன். இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தக் கைப்பிடிச் சுவர்வரை, மறுபடியும் இங்கே. அவள் கேட்ட கேள்வி காலில் தைத்த முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. வந்துவிட்டாரா என்றால் என்ன அர்த்தம்? வந்துவிட்டார், கேள்வியிலேயே இருக்கிறதே, வீடு திரும்புகிறார் என்று. சரி, அதில் என்ன?

அவளுக்குப் பதில் சொல்லி வாயடைக்க வேண்டும் என்ற வீம்பில்தான் கணக்கைத் திருப்பிப் போட்டேன். சராசரி திசைவேகம் மணிக்கு இரண்டு. மொத்த நேரம் இரண்டரை மணி. இரண்டையும் பெருக்கினால் இடப்பெயர்ச்சி வரவேண்டும். ஐந்து கிலோமீட்டர்.

நின்றுவிட்டேன்.

என் விடைப்படி அந்த மனிதர் வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால், நடுச்சாலையில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வினாவின்படி வீட்டுக்குள் இருக்கிறார். கிளம்பின இடத்துக்கே வந்துவிட்டவருக்கு இடப்பெயர்ச்சி சுழி. சுழியை எத்தனை மணி நேரத்தால் வகுத்தாலும் சுழிதான். போன நேரமும் வந்த நேரமும் சமமாக இருந்தால் என்னுடைய கூட்டல் வகுத்தல் செல்லும். ஆனால் அப்போது அவர் வீடு வந்து சேர மாட்டார், ஒன்றேகால் மணி போய், ஒன்றேகால் மணி மெதுவாக வந்தால் ஐந்து கிலோமீட்டர் பாக்கி இருக்கும். அவர் ஒரு மணி நேரம் போய் ஒன்றரை மணி நேரம் வந்தார். அந்தக் கூடுதல் அரை மணியில்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதைத்தான் நான் விழுங்கிவிட்டேன்.

கீழே இறங்கி விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். அவளுடைய தாளில் சராசரி வேகம் ஒன்பது புள்ளி ஆறு, சரி. அதன் கீழே நிதானமான கையெழுத்தில் இருந்தது: "இடப்பெயர்ச்சி சுழி. ஆகவே சராசரி திசைவேகம் சுழி. ஏனென்றால் அவர் வீட்டில் இருக்கிறார்." அதன்மேல் என் சிவப்புப் பெருக்கல் குறி, பஸ் குலுக்கலில் கோணலாக விழுந்து, "வீட்டில்" என்ற சொல்லை அடித்துக்கொண்டு போயிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. முதலில் அவளுக்காக இல்லை. ஊர் சிரிக்குமே என்றுதான். இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் வந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சித்தேரி பஸ் மதியமே போய்விட்டது என்று டைம் கீப்பர் சொன்னார். "அடுத்தது காலையிலதாம்மா. மலைக்கு என்ன, டவுன் பஸ்ஸா ஓட்டுறாங்க?" விடுதிக்குப் போனேன். மலைப் பெண் மதியமே அப்பாவோடு கிளம்பிவிட்டதாகவும், காலியான இடங்களின் பட்டியல் இரண்டு நாளில் மேலே போகும் என்றும் வார்டன் அம்மா சொன்னார். இரண்டு நாள். அன்றிரவு நான் எத்தனை முறை அந்த மாடியைச் சுற்றினேன் என்று கணக்கில்லை.

காலையில் தலைமையாசிரியை அம்மா பள்ளிக்கு வந்ததும் உள்ளே போனேன். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது அவருக்கு. எதையும் சத்தமில்லாமல் முடித்துவிடுவதில் கெட்டிக்காரர். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் காபியைக் குடித்து முடித்தார்.

"முதல்ல உட்காரு. நீ நிக்கிறதப் பாத்தா எனக்கே படபடப்பா இருக்கு" என்றார். "அந்த ரெண்டுன்னு எத்தனை பேர் எழுதியிருக்காங்க?"

"ஏழு பேர் மேடம். நான் சொல்லிக்கொடுத்தத அப்படியே எழுதியிருக்காங்க."

"கீ தப்புன்னு எழுதினா அந்த ஏழு பேருக்கும் ரெண்டு மார்க்கு குறையும். அதுல பார்டர்ல யாரு?"

மூன்று பேர். முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தாறு. நான் சொல்லாமலேயே என் முகத்தில் படித்துவிட்டார்.

"மூணு பேர எறக்கிட்டு ஒருத்திய ஏத்தப் போறியா? வேண்டாம்மா. அந்தப் புள்ளைக்கு ரெண்டு மார்க்கு கிரேஸ் போட்டுடலாம். மலைப் புள்ள, கஷ்டப்பட்ட குடும்பம்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன். கீயப் பத்திப் பேச்சே எடுக்காத. உனக்கும் மரியாதை, எனக்கும் தலைவலி இல்ல."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் படிப்பும் பிழைக்கும், என் தப்பும் வெளியே வராது. இதைவிட நல்ல வழி இருக்க முடியாது என்று நினைத்தேன். அவளுடைய விடைத்தாளைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் அப்போது எனக்கே தெரியாது. பத்தரை மணி பஸ்ஸில் ஏறினேன்.

மலைச்சாலையில் பஸ் ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கி நின்று ஏறியது. என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். "உக்காருங்க டீச்சர், நீங்க நின்னா பஸ்ஸு வேகமாவா போவும்?" என்று கண்டக்டர் கேட்டார். பதிலுக்கு முறைத்தேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, ஒற்றையடிப் பாதையில் இரண்டு மைல் போல நடந்தேன். ஒரு செருப்பு வாரறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அவர்கள் வீட்டு வாசலில் புளி குவித்து வைத்திருந்தார்கள். அவள் கட்டையால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா உள்ளேயிருந்து வந்து, நான் உட்காரச் சாக்கு ஒன்றைத் தட்டிப் போட்டார். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் உட்காரவில்லை.

"பாஸ் போட்டாச்சு" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே. "கிரேஸ் மார்க்கு ரெண்டு. ஆஸ்டலும் கிடைக்கும். ஜூன்ல வந்துடு."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா புள்ள? டீச்சரே மலையேறி வந்துட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. "கிரேஸுன்னா பாவம் பாத்துப் போடறதுங்களா டீச்சர்?"

"அப்படி ஏன் நினைக்கிற? பள்ளிக்கூடத்துல எல்லா வருஷமும் போடறதுதான்."

"நான் எழுதுனது தப்புங்களா?"

புளியங்கொட்டை ஒன்று காலடியில் கிடந்தது, அதைப் பெருவிரலால் உருட்டிக்கொண்டு நின்றேன். அவள் காத்திருந்தாள். வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டு இப்படி ஒரு நாளாவது காத்திருந்ததில்லை. இரண்டு நொடியில் கத்திவிடுவேன்.

"அப்ப நான் வரலீங்க டீச்சர்" என்றாள்.

"ஏ புள்ள" என்று அப்பா அதட்டினார்.

"இல்லப்பா. சரியா எழுதினதத் தப்புன்னு போட்டுட்டு, பாவம்னு பாஸ் போட்டா, அடுத்த வருசம் பரீட்சைல நான் என்னத்த எழுதறது? எனக்குத் தெரிஞ்சத எழுதறதா, டீச்சர் சொன்னத எழுதறதா? எனக்கு மனப்பாடமும் வராது. யோசிச்சாத்தான் எழுத வரும். அதுவும் தப்புன்னா நான் புளியே தட்டறேன்."

அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. கோபத்தில் அவள் உதடு துடித்தது. அந்த வருடம் முழுவதும் அந்தப் பள்ளிக்கூடத்தில் என் கோபம் ஒன்றுதான் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ எழுதினதுதான் சரி" என்றேன். "தப்பு என்னுது. சொல்லிக்கொடுத்ததும் தப்பு, திருத்தினதும் தப்பு. நேத்து நீ கேட்டப்போ துரத்தினேன் பாரு, அது எல்லாத்தையும்விடத் தப்பு."

சொன்ன பிறகு அந்தச் சாக்கில் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "டீச்சருக்கு எப்புடீங்க தப்பு வரும்?" என்று நிஜமாகவே கேட்டார். கீழே கிடந்த குச்சியை எடுத்து மண்ணில் ஒரு கோடு கிழித்தேன். இந்த முனை வீடு, அந்த முனை சந்தை. போனது பன்னிரண்டு, வந்தது பன்னிரண்டு. நான் சொன்ன கணக்குப்படி இரண்டரை மணி கழித்து இந்த ஆள் இங்கே நிற்கிறார் என்று கோட்டின் நடுவில், வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால், ஒரு புளியங்கொட்டையை வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். "சைக்கிளு பஞ்சராயிருக்குமுங்க" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிற்று. அவள் குனிந்து, அந்தக் கொட்டையை எடுத்து வீட்டு முனையில் வைத்தாள்.

கைப்பையிலிருந்து விடைத்தாளை எடுத்தேன். என் சிவப்புக் குறியை அடித்தேன். பக்கத்தில் இரண்டு என்று எழுதி, முப்பத்து மூன்றை முப்பத்தைந்தாக்கி, கையெழுத்துப் போட்டேன். "கிரேஸ் இல்ல. இது உன் மார்க்கு" என்றேன். தாளை வாங்கிப் பார்த்தாள். புளி படிந்த விரல் பதிந்துவிடுமோ என்று தாளை ஓரத்தில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "ஜூன்ல வர்றேங்க டீச்சர்" என்றாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விடைக்குறிப்பு தவறு, அதை எழுதியவள் நான் என்று தலைமையாசிரியை அம்மாவிடம் எழுதிக் கொடுத்தேன். என்னிடம் நான்கு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஏழு பேர் மார்க்கில் நாங்கள் கை வைக்கவில்லை; நான் கற்பித்ததை அவர்கள் எழுதினார்கள், அதற்கு அவர்களைத் தண்டிக்க முடியாது என்று சேர்த்து எழுதினேன். அது நியாயமா என்று கேட்டால் எனக்கு இன்றும் தெரியாது. எனக்கு ஒரு மெமோ வந்தது. ஜூன் மாதம் முதல் நாள் பன்னிரண்டாம் வகுப்பில் அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதி, நான் போன வருடம் சொன்னது தப்பு என்று சொன்னேன். முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சித்தேரிப் பெண் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, நோட்டில் பழைய விடையை அடித்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் மாறுதல் மனு எழுத எனக்குத் தோன்றவில்லை.

சித்தேரியில் அன்றைக்கு, அரூர் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவளுடைய அப்பா என்னை பஸ் நிற்கிற இடம்வரை கொண்டுவிட வந்தார். என் செருப்பு வாரை ஒரு நாரால் கட்டிக் கொடுத்திருந்தார். முன்னால் அவர், பின்னால் நான். பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்.

"டீச்சருங்க, அப்ப கெளம்புன எடத்துக்கே வந்துட்டா சைபருங்களா?"

"ஆமாங்க. இடப்பெயர்ச்சி சைபர்."

"நேத்து நானு விடியக்காலம் வூட்ட விட்டு எறங்கி, அரூர் வந்து, புள்ளையக் கூட்டிக்கிட்டு, பொழுது சாய வூட்டுக்கே வந்துட்டேன். எனக்கும் சைபர்தானுங்க?"

"ஆமாங்க. சைபர்தான்" என்றேன். பிறகு அவசரமாக, "ஆனா தூரம் சைபர் இல்லீங்க. தூரம் போனதும் வந்ததும் சேர்த்துக் கணக்கு. அது எங்கேயும் போகாது" என்றேன்.

அவர் சற்று நின்று, எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"அது எனக்குத் தெரியுமுங்க டீச்சர்" என்றார். "ஆஸ்டலக் காலி பண்ணுன பொட்டி என் தலையிலதான இருந்துச்சு."